கூண்டு இல்லாத பள்ளி மைதானத்தில் ரப்பர் வட்டு: வட்டம் எங்கே, கயிறு எங்கே, முதல் எறி எப்போது

கேள்வி: கடலூர் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. 6 முதல் 8 வரை 24 பிள்ளைகளுக்கு வட்டு எறிதல் சொல்லித்தரணும். ரப்பர் வட்டு 6 இருக்கு, எல்லாம் 1 கிலோ. கூண்டு கிடையாது. மைதானம் தெற்கு வடக்கா 70 மீட்டர், கிழக்கு மேற்கா 45. கேட் தெற்கே, வகுப்பறை மேற்கே, கிழக்கேயும் வடக்கேயும் மதில். வட்டம் எங்கே போடணும், வேடிக்கை பார்க்கிற பிள்ளைங்களை எங்கே நிறுத்தணும், எதிலிருந்து ஆரம்பிக்கணும்?

பதில்:

கூண்டு இல்லை என்பதுதான் இங்கே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கூண்டு இல்லாத இடத்தில் நின்றபடி எறிவது மட்டும்தான். சுற்றி எறிவது கிடையவே கிடையாது. இதில் "நல்லா வருகிற ஒரு பையனுக்கு மட்டும்" என்ற விலக்கும் வேண்டாம். சுற்றும்போது வட்டு கையை விட்டு நழுவினால் அது எந்தத் திசைக்கும் போகலாம், பின்னால் நிற்பவர்கள் மீதும் பாயலாம். நின்றபடி எறியும்போது தப்பு நடந்தாலும் அது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். அந்தக் கணக்கை வைத்துத்தான் கயிறு கட்ட வேண்டும்.

கணக்கு இதுதான். சைக்கிள் சக்கரத்திலிருந்து சேறு தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டியிருந்த இடத்தில் சக்கரம் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கமாக நேர்கோட்டில் தெறிக்கும். கையிலிருந்து வட்டு புறப்படுவதும் அப்படியே. வலது கைக்காரப் பிள்ளையின் கை பின்னாலிருந்து வலப்புறமாகச் சுற்றி முன்னே வருகிறது. கை தோளுக்கு நேராக வலப்புறம் நீட்டியிருக்கும் கணத்தில் விட்டால் வட்டு நேராக முன்னே போகும். அதற்கு முன்பே, கை இன்னும் பின்னால் இருக்கும்போதே நழுவினால் வலப்பக்கம் போகும். விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தாமதமாக விட்டால் இடப்பக்கம் போகும். எறிவதற்கு முன் கையைப் பின்னுக்கு வீசும் ஒத்திகை ஆட்டத்தில் நழுவினால், பின்னாலோ பின்னிடப்பக்கமோ போகும். ஆனால் அந்த ஆட்டம் மெதுவானது என்பதால் சில மீட்டரிலேயே விழுந்து கொஞ்சம் உருளும். ஆக, இரண்டு பக்கவாட்டிலும் வேகமான தவறுகள் விழும், பின்பக்கம் மெதுவான தவறுகள் விழும். ஆட்கள் நிற்க ஒரே இடம் பின்பக்கம்தான், அதுவும் தள்ளி. பக்கவாட்டில் ஒருவர்கூடக் கூடாது, எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியரும் சேர்த்து. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு வலமும் இடமும் மாறும். எல்லாரும் பின்னால் நின்றுவிட்டால் அதைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

"ரப்பர்தானே சார், பட்டால் என்ன" என்ற பேச்சு வரும். ரப்பர் என்பது விரலையும் ஜன்னலையும் கொஞ்சம் காப்பாற்றும், தலையைக் காப்பாற்றாது. 12 மீட்டர் போகிற ஒரு சாதாரண எறியில் வட்டு நொடிக்கு 10 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் கையை விட்டுக் கிளம்புகிறது. ஒரு கிலோ எடையை 5 மீட்டர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து, போட்டால் தரையைத் தொடும்போது என்ன வேகமோ அதே வேகம். பக்கவாட்டில் 8 மீட்டரில் நிற்கும் பிள்ளைக்கு விலக ஒரு நொடிகூடக் கிடைக்காது. போதாக்குறைக்கு ரப்பர் வட்டு இறுகிய தரையில் விளிம்பில் விழுந்தால் எம்பிக் குதித்துச் சக்கரம் போல ஓடும். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் சரளைத் தரையாக இருந்தால் விழுந்த இடத்திலிருந்து இன்னும் 10, 15 மீட்டர் போகும். தேவனாம்பட்டினம் பக்கத்து மணல் தரை என்றால் விழுந்த இடத்திலேயே புதையும். உங்கள் தரை எது என்று முதலில் நீங்களே நான்கைந்து வட்டை எறிந்து, ஓட்டம் எவ்வளவு என்று அடியால் அளந்துகொள்ளுங்கள். முன்னால் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை எறியும் தூரம் மட்டும் சொல்லாது, இந்த ஓட்டத்தையும் கூட்ட வேண்டும்.

இப்போது உங்கள் மைதானம். வடக்கு நோக்கி எறியுங்கள். சாயங்கால வெயில் மேற்கிலிருந்து வரும், அப்போது எறிபவர் கண்ணிலும் அடிக்காது, பின்னால் நிற்பவர்கள் வட்டைப் பார்க்கவும் கூசாது. கேட் தெற்கே இருப்பதால் உள்ளே நுழைகிறவர் எறிபவருக்குப் பின்னால்தான் வந்து சேர்வார். வலது பக்கம் கிழக்கு மதில். அந்தப் பக்கமாக யாரும் குறுக்கே வர வழியில்லை. மீதி இருப்பது இடது பக்கம், அதாவது வகுப்பறைத் தாழ்வாரம். தாமதமாக விட்ட வட்டுகள் போகிற பக்கம் அது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுவதால், காற்றில் மிதக்கும் வட்டையும் அது அந்தப் பக்கமே தள்ளும். அதனால் வட்டத்தை மைதானத்தின் நட்டநடுவில் போடாமல் கிழக்கே நகர்த்துங்கள். மையம் கிழக்கு மதிலிலிருந்து 18 மீட்டர், தாழ்வாரத்திலிருந்து 27 மீட்டர், தெற்கு எல்லையிலிருந்து 25 மீட்டர். முன்னால் 45 மீட்டர் கிடைக்கும். 15 மீட்டர் எறி, 15 மீட்டர் ஓட்டம் போக இன்னும் மீதி இருக்கும்.

முளை அடிப்பதற்கு முன் ஒன்று பாருங்கள்: குடிதண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் எங்கே இருக்கின்றன? வகுப்பறையிலிருந்து அங்கே போகும் வழக்கமான பாதை எறியும் பரப்பைக் குறுக்கே வெட்டினால் எந்தக் கயிறும் நிற்காது. அவசரத்தில் ஓடுகிற பிள்ளை கயிற்றுக்கு அடியில் நுழைந்துதான் போகும். வடகிழக்கு மூலையில் கழிப்பறை இருந்தால், எறியும் நேரத்தை அந்தப் பாதையில் ஆள் நடமாடாத பீரியடுக்கு மாற்றுங்கள், அல்லது பாதையின் தலைப்பில் ஒரு பெரிய ஆளை நிறுத்துங்கள்.

வட்டத்தின் உள்விட்டம் 2.50 மீட்டர். மையத்தில் ஒரு முளை, அதில் 1.25 மீட்டர் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு ஆணி. மண்ணில் கீறிவிட்டு அதன் மேல் கோலமாவைத் தூவினால் போதும். மாவு என்றால் வெள்ளைக்கல் மாவு. சுட்ட சுண்ணாம்புத் தூள் வேண்டாம், காற்று அடிக்கிற ஊரில் பிள்ளைகள் கண்ணில் விழுந்தால் புண்ணாகும். விளிம்பு தெரியட்டும் என்று செங்கல் பதிப்பதும், பழைய தண்ணீர்க் குழாயை வளைத்துப் போடுவதும் வழக்கத்தில் உண்டு. போட்டி வட்டத்தில் இரும்பு விளிம்பு சரியான அளவில் பதிக்கப்பட்டிருக்கும். நம் மண் தரையில் தூக்கலாக எது இருந்தாலும் கால் தடுக்கும், தடுக்கினால் வட்டு கண்ட பக்கம் போகும். மாவுக் கோடே நல்லது. முடிந்ததும் முளையைப் பிடுங்கிவிட்டுக் குழியை மூடுங்கள். உள்ளே சரளைக் கல்லைப் பொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினால் கால் சறுக்காது.

வட்டத்தின் இடமும் வலமும் வெளிப்புறமாக 75 சென்டிமீட்டர் கோடு ஒன்று போடுங்கள். வட்டத்தை முன் பாதி, பின் பாதி என்று பிரிக்கிற கோடு அது. வட்டு தரையில் விழுந்த பிறகுதான் வெளியே வர வேண்டும், அதுவும் பின் பாதி வழியாக என்பது போட்டி விதி. இங்கே அது விதிக்காக மட்டும் இல்லை. எறிந்த வேகத்தில் வட்டின் பின்னாலேயே ஓடிப் பார்க்கிற பழக்கத்தை முதல் நாளிலேயே அறுத்துவிடும்.

விழும் பரப்பின் இரண்டு பக்கக் கோடுகளுக்குக் கோணமானி வேண்டாம். விதிப்படி கோணம் 34.92 டிகிரி, அதை யாரும் மண்ணில் அளப்பதில்லை. வட்டத்தின் மையத்திலிருந்து இரண்டு 20 மீட்டர் கயிறு, அவற்றின் நுனிகளுக்கு இடையே 12 மீட்டர். மூன்றும் விறைப்பாக நின்றால் கோணம் தானாக வந்துவிடும். இடம் குறைவாக இருந்தால் 10, 10, 6 என்று வைத்துக் கோட்டை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கோடுகள் எறி செல்லுமா செல்லாதா என்று சொல்பவை மட்டுமே. கோட்டுக்கு வெளியே நின்றால் பத்திரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். தொடக்கக்காரர்களின் வட்டுகளில் பல அந்தக் கோட்டுக்கு வெளியேதான் விழும் என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆட்கள் நிற்பதற்கு இரண்டு எல்லைகள். மையத்திலிருந்து தெற்கே 10 மீட்டரில் ஒரு மாவுக் கோடு. அடுத்து எறிய வேண்டியவர்கள் அதன் பின்னால். 17 மீட்டரில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கான எல்லை. அதற்கு மாவுக் கோடு போதாது, கால் பட்டுப் பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடும். சவுக்குக் கழிகளை 3 மீட்டருக்கு ஒன்றாக நட்டு, இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, பழைய வேட்டிக் கிழிசலை இடையிடையே முடிந்துவிடுங்கள். கயிறு கண்ணில் படாமல் ஓடிவந்து கழுத்தில் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு, அதற்காகத்தான் துணி. கயிற்றுக்கும் தெற்கு எல்லைக்கும் நடுவே 8 மீட்டர் ஆழம் இருப்பதால் 50, 60 பேர் நெருக்கடி இல்லாமல் நிற்கலாம். இந்தக் கயிற்றின் மேற்கு நுனியை அப்படியே வடக்கே திருப்பி, தாழ்வாரத்துக்கு 3 மீட்டர் முன்னால் மைதானத்தின் வடக்கு எல்லை வரை கொண்டுபோங்கள். வகுப்பு முடிந்து தாழ்வாரத்திலிருந்து குதித்து இறங்குபவர்களை அது நிறுத்தும். தாழ்வாரத்தில் நின்று பார்க்கவும் அனுமதி வேண்டாம். பார்க்க ஆசைப்படுபவர்கள் சுற்றி வந்து தெற்குக் கயிற்றுக்குப் பின்னால் நிற்கட்டும்.

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரியிலோ கேட்டால் பழைய மீன்வலை கிடைக்குமே, கூண்டாகக் கட்டிவிடலாமே என்ற யோசனை கட்டாயம் வரும். மெல்லிய நரம்பு வலை பயன்படாது. தடித்த இழுவலையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் ரப்பர் வட்டின் வேகத்தைக் கொஞ்சம் தின்னும். விறைப்பாகக் கட்டினால் வட்டை எறிந்தவன் மீதே திருப்பி அடிக்கும். போட்டிக் கூண்டு 2 கிலோ வட்டு நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வந்தாலும் நிறுத்தும்படி, வலை எங்குமே 4 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் அமைக்கப்படுவது. சவுக்குக் கழியில் கட்டிய மீன்வலை அதற்குப் பக்கத்தில்கூட வராது. தாழ்வாரத்து ஜன்னலுக்கு முன்னால் தொங்கவிடுங்கள், தப்பில்லை. அதை நம்பி ஆட்களைப் பக்கவாட்டில் நிறுத்துவதும், சுற்றி எறியச் சொல்வதும் கூடாது.

எறியும் நேரத்தில் மைதானத்தில் மூன்று சொல் போதும்: எறி, நில், எடு. "எறி" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கை பின்னால் போக வேண்டும். யாராவது கயிற்றைத் தாண்டினால் நீண்ட ஒரு விசில்; விசில் கேட்டால் வட்டை அப்படியே கீழே வைத்துவிட வேண்டும், அதற்குத்தான் "நில்". ஆறு பேரும் எறிந்து முடித்த பிறகு "எடு". ஆறு பேரும் சேர்ந்து நடந்துபோய் ஆளுக்கு ஒன்றாகக் கையில் தூக்கி வர வேண்டும். எறிந்து தருவதும் கூடாது, உருட்டிவிடுவதும் கூடாது. பள்ளி மைதானத்தில் அடி விழ வாய்ப்புள்ள இடம் இதுவும்தான்: ஒருவன் வட்டைத் திருப்பி எறிகிறான், அடுத்தவன் குனிந்து எடுத்துக்கொண்டிருக்கிறான். பொறுக்கிக் கொடுக்க யாரையும் முன்னால் நிறுத்தவே வேண்டாம். எறியும்போது வட்டத்துக்கு வடக்கே மைதானம் வெறுமையாக இருக்க வேண்டும்.

வட்டு எல்லாம் 1 கிலோ என்கிறீர்கள். பெரிய பெண்கள் போட்டியில் அதுதான் எடை. ஆனால் 6ஆம் வகுப்புக் கைக்கு அது பெரிது. ஒரு சோதனை இருக்கிறது. விரல்களை அகட்டி வட்டின் மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். விரல்களின் கடைசிக் கணு விளிம்பைத் தாண்டி மடிய வேண்டும். நுனி மட்டும்தான் தொடுகிறது என்றால் அந்தப் பிள்ளை வட்டைப் பிடிக்க முடியாமல் மணிக்கட்டை மடக்கி முழங்கையோடு அணைத்துக்கொள்ளும், அதுவே பழக்கமாகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு 750 கிராமோ அதற்கும் குறைவோ உள்ள வட்டு வேண்டும். வட்டு வந்த இடத்தில் மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கிடைத்தாலும் போதும். கிடைக்கும் வரை அவர்களுக்கு டென்னிகாய்ட் வளையம்தான் வட்டு. எந்தப் பள்ளி அலமாரியிலும் நாலு வளையமாவது கிடக்கும்.

இனி சொல்லித்தரும் வரிசை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 நிமிட பீரியட், ஆறாறு பேராக நான்கு குழு, குழுவுக்கு வட்டத்தில் 8 நிமிடம். ஆறு எறிக்கு 2 நிமிடம், பொறுக்கி வர ஒன்றரை நிமிடம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு எறிதான் தேறும். இரண்டு எறியில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அதனால் கற்பது வட்டத்தில் நடக்காது, உருட்டலில் நடக்கும். முதல் மூன்று வகுப்பில் வட்டத்தைத் தொடவே வேண்டாம்.

உருட்டல் இப்படி. இரண்டிரண்டு பேராக, 10 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே. ஆறு வட்டுக்குப் பன்னிரண்டு பேர், மீதிப் பன்னிரண்டு பேர் வளையத்தோடு. கையைத் தொடைப் பக்கமாகத் தொங்கவிட்டு, உள்ளங்கை தொடையைப் பார்க்க, வட்டு செங்குத்தாக நிற்க, முன்னுக்கு வீசித் தரையோடு தரையாக விட வேண்டும். ஆள்காட்டி விரலைத்தான் வட்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். சரியாக விட்டால் வட்டு நிமிர்ந்து நேராக ஓடும். சுண்டுவிரல் பக்கமாக நழுவினால் பின்சுழற்சியோடு தத்தித் தத்தி விழுந்துவிடும். மணிக்கட்டு சாய்ந்திருந்தால் வளைந்து போகும். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வட்டே சொல்லிவிடும். எதிரில் இருப்பவர் கையால் பிடிக்காமல் ஒதுங்கி நின்று, ஓட்டம் நின்றபின் எடுக்க வேண்டும். ஒரு வகுப்பில் ஒருவருக்குப் பதினைந்து இருபது தடவை வாய்க்கும்.

வட்டைத் தலைக்கு மேல் சுண்டிவிட்டுப் பிடிக்கும் பயிற்சியும் பல இடங்களில் சொல்லித்தரப்படுவது உண்டு. தனியாக ஒருவனுக்குச் சொல்லித்தரும்போது சரி. 24 பேர் கூட்டத்தில் நான் அதை விட்டுவிடச் சொல்வேன். உருட்டலில் கிடைக்காத எதுவும் அதில் கிடைக்காது, தலையில் விழும் வாய்ப்பு மட்டும் கூடுதல்.

பிடி பற்றி ஒன்றே ஒன்று. வட்டைப் பிடிக்கக் கூடாது, அது கையில் தங்க வேண்டும். விரல் நுனிக் கணுக்கள் விளிம்பில் கொக்கி போல இருக்கும், கட்டைவிரல் மேலே சும்மா சாய்ந்திருக்கும். தண்ணீர்ச் சொம்பைக் கையில் தொங்கவிட்டுச் சுற்றினால் தண்ணீர் கொட்டாததைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்; கை வீச்சின் வேகம்தான் வட்டையும் கையில் ஒட்டி வைக்கிறது. வீச்சு நின்றால் விழும். விழுந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடிப்பதுதான் முதல் வாரத்தின் பெரிய நோய். அப்படி இறுக்கியவர்களின் வட்டு எல்லாம் இடப்பக்கம், தாழ்வாரத்தை நோக்கிப் போகும். இடப்பக்கம் போகிறது என்றால் கோணத்தைத் திருத்தாதீர்கள், விரலைப் பாருங்கள்.

நான்காவது வகுப்பில் வட்டத்துக்கு வரலாம். முதலில் வடக்கைப் பார்த்து நேராக நின்று, இடுப்புக்கு மேல் மட்டும் திருப்பி, மெதுவாக ஒரு வீச்சு. 6, 7 மீட்டர் போனால் போதும். இங்கே தூரம் அளக்கவே வேண்டாம். அளந்தால் எல்லாரும் கையால் இழுக்க ஆரம்பிப்பார்கள். வட்டின் மேல் வெள்ளைத் துணி நாடா ஒன்றைக் குறுக்காக ஒட்டிவையுங்கள். காற்றில் சுற்றுகிறதா, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது 17 மீட்டரில் நிற்பவருக்கும் தெரியும். வலது கைக்காரர் எறிந்த வட்டு மேலிருந்து பார்க்க கடிகார முள் போலச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சுண்டுவிரல் வழியாக விட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை உருட்டலுக்குத் திருப்பி அனுப்புங்கள்.

அதன் பிறகு பக்கவாட்டு நிலை. இடது தோள் எறியும் திசையைப் பார்க்க, கால்கள் தோள் அகலத்தைவிட இன்னும் கொஞ்சம் அகலமாக, உடம்பின் எடை முழுக்க மடங்கிய வலது காலில். வட்டு பின்னால் போய், இடுப்பு முதலில் திரும்பி, மார்பு அதன் பின், கை கடைசியாக வர வேண்டும். வாயால் சொன்னால் எவருக்கும் புரியாது. எறிந்த பிறகு வலது கால் நின்ற இடத்தைக் குனிந்து பாருங்கள், பிள்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பாதம் மண்ணைத் திருகி ஒரு சின்ன வட்டக் குழி விழுந்திருந்தால் இடுப்பு வேலை செய்திருக்கிறது. வெறும் பாத அச்சு மட்டும் இருந்தால் கை மட்டும்தான் எறிந்திருக்கிறது. மண் தரையில் கற்பதன் பெரிய வசதி இது. சிமெண்ட் வட்டத்தில் இந்தத் தடயம் கிடைக்காது.

நம் பிள்ளைகளிடம் வழக்கமாக வருகிற இன்னொரு தப்பு, கிரிக்கெட் பந்தை எறிவது போல முழங்கையை மடக்கித் தோளுக்கு மேலே கொண்டுவருவது. வட்டு அப்போது சுழலாமல், பல்டி அடித்துக்கொண்டே போய் விழும். "கையை நீட்டு" என்று சொல்லித் திருத்த முடியாது. டென்னிகாய்ட் வளையத்தைக் கொடுத்து, தோள் உயரத்தில் கை நீட்டிப் பத்துத் தடவை வீசச் சொல்லுங்கள். எடை இல்லாததால் முழங்கை மடங்காது. பிறகு வட்டைக் கொடுங்கள். வட்டு முன் விளிம்பு தூக்கிக் குடை போல நிமிர்ந்து போகிறது என்றால் உள்ளங்கை மேலே திரும்பியிருக்கிறது; கை புறப்படுவதிலிருந்து விடுவது வரை உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். எதிர்க்காற்று இருக்கும் நாளில் இது இரண்டு மடங்கு தெரியும்.

வலப்பக்கம் போகும் வட்டுகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். வைகாசிப் புழுக்கத்தில் வியர்வை, மார்கழிக் காலையில் பனி, ஐப்பசி கார்த்திகையில் சேறு. வட்டத்துக்குப் பின்னால் ஒரு பருத்தித் துணி எப்போதும் கிடக்கட்டும். ஒவ்வொருவரும் வட்டையும் கையையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விரலில் கரும்பலகைச் சாக்பீஸ் தூள் தேய்த்துக்கொள்ளலாம். மழை பெய்து புல் ஈரமாக இருக்கும் நாளில் ரப்பர் வட்டு தரையில் பட்டதும் சறுக்கிக்கொண்டு ஓடும், எறிபவரின் காலும் நிற்காது. அன்றைக்கு எறி வேண்டாம். முடிந்ததும் வட்டுகளை வெயிலில் போட்டுவைக்காதீர்கள். ரப்பர் வெடித்து விளிம்பு பிசிறாகும், அந்தப் பிசிறு விரலைக் கிழிக்கும். வகுப்பு தொடங்குமுன் ஆறு வட்டின் விளிம்பையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பீரியட் ஓட்டம் நான்காவது வகுப்புக்குப் பிறகு இப்படி இருக்கட்டும். நான்கு குழுவில் ஒன்று மட்டும் வட்டத்தில். ஒன்று 10 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் தயாராக. மற்ற இரண்டும் வேடிக்கைக் கயிற்றுக்கும் பின்னால், தெற்கு ஓரத்தில்: ஒரு குழு வெறுங்கையோடு கால் நிலையும் இடுப்புத் திருப்பமும் பழக, இன்னொன்று வளையத்தைக் கையை விட்டு விடாமல் வீசிப் பழக. வட்டத்தில் எறி நடக்கும்போது வேறு எந்த மூலையிலும் எதுவும் கையை விட்டுப் பறக்கக் கூடாது, ஏனென்றால் உங்களுக்குக் கண் இரண்டுதான். நீங்கள் நிற்க வேண்டிய இடம் வட்டத்துக்குப் பின்னால், இடப்பக்கம் சாய்வாக 10 மீட்டர் கோட்டின் மேல். எறிபவரின் கையும் கயிறும் ஒரே பார்வையில் தெரியும். பின்வீச்சில் நழுவுவது அந்தப் பக்கம் வரலாம், ஆகவே "எறி" சொன்ன பிறகு தலையைக் குனிந்து பேரேட்டில் எழுதாதீர்கள்.

சுற்றி எறியும் ஆசை ஆறாவது ஏழாவது வாரத்தில் வந்துவிடும், கைபேசியில் பார்த்துவிட்டு வருவார்கள். சுற்றுவதற்கான கால் அசைவை வெறுங்கையோடு எவ்வளவு வேண்டுமானாலும் பழகட்டும். 20 தடவையில் 18 தடவை தடுமாறாமல், வடக்கைப் பார்த்து நிற்கிற அளவுக்கு வந்தவர்களை வட்டோடு சுற்ற வைக்க வேண்டுமானால் கூண்டு உள்ள மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கம், புதுச்சேரி உப்பளம் மைதானம் போன்ற இடங்களில் முன்கூட்டியே போய், கூண்டு இருக்கிறதா, வலை தரை வரை தொங்குகிறதா, கிழிசல் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் மைதானத்தில் நின்றபடிதான்.